சுடாவிட்டால் தன்னையே சுடுவார்கள் என்ற நிலையில் சுட்டவன் குற்றவாளியா? (எர்டெமோவிச் வழக்கு)

மாலினி, பட்டர்வொர்த்:
1995ல் பொஸ்னியாவில் நடந்த ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையில் முஸ்லிம் ஆட்களைச் சுட்ட த்ராஷென் எர்டெமோவிச், "மறுத்திருந்தால் என்னையும் கொன்றிருப்பார்கள்" என்று சொல்லியும் தண்டிக்கப்பட்டார். ஹேக் நகரில் இருந்த ஐ.நா. போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன மூவரில் ஒருவர் நம் மலேசிய நீதிபதி லால் சந்த் வோரா. உயிருக்குப் பயந்து செய்தவனை எப்படிக் குற்றவாளி என்கிறார்கள்? மேலதிகாரி உத்தரவு, தெரியாமல் செய்தது என்ற வாதங்களும் ஏன் எடுபடுவதில்லை?

முன்னாள் சிப்பாய், தைப்பிங்:
ராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உத்தரவு வந்தால் செய்யத்தான் வேண்டும். நின்று யோசிக்கிற சிப்பாயை வைத்துக்கொண்டு எந்தப் படையும் நடக்காது. பிரிட்டிஷ்காரர்களின் ராணுவச் சட்டக் கையேட்டிலேயே, உத்தரவுப்படி நடந்த சிப்பாய் போர்க்குற்றவாளி ஆகமாட்டான் என்றுதான் ஒரு காலத்தில் இருந்தது. தோற்ற நாட்டுக்காரனைத் தண்டிக்க வேண்டும் என்று வந்தபோது மாற்றிக்கொண்டார்கள். பொறுப்பு முழுவதும் உத்தரவு போட்டவனுடையது.

வழக்கறிஞர் கோமதி, ஜார்ஜ்டவுன்:
கையேடு பற்றி அண்ணன் சொன்னது உண்மை. 1944 வரை அப்படித்தான் இருந்தது, போர் முடிவதற்குள் திருத்தினார்கள். ஆனால் திருத்தத்துக்கு வெகு முன்பே, 1921ல், லைப்சிக்கில் ஜெர்மன் நீதிமன்றமே இரண்டு ஜெர்மன் அதிகாரிகளைத் தண்டித்திருக்கிறது. அவர்களுடைய நீர்மூழ்கிக் கப்பல் லாண்டவரி காசில் என்ற மருத்துவக் கப்பலை மூழ்கடித்தது, அப்புறம் உயிர் பிழைத்துப் படகில் இருந்தவர்களையும் சுட்டது. கேப்டன் உத்தரவு என்று வாதாடினார்கள். படகில் தத்தளிக்கிறவர்களைச் சுடுவது சட்டவிரோதம் என்பது யாருக்கும் தெரியும் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஜெயித்தவன் தோற்றவன்மேல் போட்ட சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது.

மாலினி, முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொள்ளுங்கள். உத்தரவு வேறு, மிரட்டல் வேறு. மேலதிகாரி சொன்னார் என்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது. சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நிர்ப்பந்தம் பற்றிய கேள்வி. எர்டெமோவிச் வழக்கு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

நடந்தது இது. 1995 ஜூலை 16, பிலிட்சா அருகே பிரான்யெவோ பண்ணை. எர்டெமோவிச் பொஸ்னிய செர்பியப் படையின் 10ஆவது நாசவேலைப் பிரிவில் இருந்த குரோவேஷியர், வயது 23. என்ன வேலை என்று சொல்லாமலே அவர்களை அங்கே கூட்டிப் போனார்கள். பேருந்து பேருந்தாக முஸ்லிம் ஆண்கள் வந்து இறங்கினார்கள். பத்துப் பத்துப் பேராக வயலுக்கு நடத்திச் சென்று, முதுகைக் காட்டி நிற்கவைத்துச் சுட்டார்கள். மாட்டேன் என்று எர்டெமோவிச் முதலில் சொன்னார். அவர்கள்மேல் இரக்கமாக இருந்தால் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நீயும் வரிசையில் போய் நில் என்று பதில் வந்தது. ஏறத்தாழ 70 பேரைத் தான் கொன்றிருக்கலாம் என்று அவரே பின்னால் சொன்னார். அன்று அந்தப் பண்ணையில் செத்தவர்கள் சுமார் 1,200.

இவரைத் தேடிக் கண்டுபிடித்த சாட்சி யாரும் கிடையாது. 1996ல் பத்திரிகையாளர்களிடம் தானாகவே வாயைத் திறந்ததால்தான் ஹேக் நகரம்வரை போனார். இது முக்கியம். மிரட்டல் பற்றிய விவரமும் பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே வந்தது.

ராஜன், பிரிக்ஃபீல்ட்ஸ்:
அக்கா சொன்ன கதையே அவருக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது? மறுத்தார், மிரட்டினார்கள், செய்தார். அதே மேல்முறையீட்டு அமர்வில் அந்த மூவரோடு ஒத்துப்போகாத நீதிபதி கசேசேயின் மாற்றுத் தீர்ப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. எர்டெமோவிச் வரிசையில் போய் நின்றிருந்தால் அந்த ஆட்களில் ஒருவராவது பிழைத்திருப்பார்களா? வேறொருவன் அதே துப்பாக்கியால் சுட்டிருப்பான். பிணங்களின் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான். பயனில்லாமல் உயிரைக் கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு மனிதனைக் கொலைகாரன் என்பது எனக்கு ஒப்பவில்லை. முடிவும் 3க்கு 2தான்.

மணி, செந்தூல்:
எனக்கும் இதே மாதிரிதான் நடந்தது. நான் வேலை செய்த ஒரு சரக்கு நிறுவனத்தில், பத்திரங்களில் தேதியை மாற்றிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்றார் மேலாளர். வீட்டில் இரண்டு பிள்ளைகள். போட்டேன். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிர்ப்பந்தம் என்று சொல்லலாமா?

வழக்கறிஞர் கோமதி, ஜார்ஜ்டவுன்:
மணி தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் வேலை போய்விடும் என்ற பயம் இதில் சேராது. நம் குற்றவியல் சட்டம் 94ஆவது பிரிவு, உடனே உயிர் போய்விடும் என்ற நியாயமான பயத்தைத்தான் கேட்கிறது. நீங்கள் பத்திரங்களின் நகலோடு நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், இங்கே மேற்கொண்டு விவரம் எழுத வேண்டாம்.

அதே 94ஆவது பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. கொலைக்கு அந்த விலக்கு கிடையாது. தலைமேல் துப்பாக்கியை வைத்திருந்தாலும், நிரபராதியைக் கொன்றால் நம் நாட்டில் கொலைதான். இங்கிலாந்துச் சட்டமும் அதையே சொல்கிறது. நீதிபதி வோரா அந்த மரபில் வளர்ந்தவர். ஆனால் அவர் மலேசியச் சட்டத்தை ஹேக்கில் கொண்டுபோய் ஒட்டிவிடவில்லை. அவரும் அமெரிக்க நீதிபதி மெக்டொனால்டும் பல நாட்டுச் சட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். பிரான்ஸ், ஜெர்மனி மாதிரியான நாடுகளில் நிர்ப்பந்தம் கொலைக்கும் முழு விடுதலை தரலாம், நம் பக்கத்தில் தராது. எல்லோருக்கும் பொதுவான விதி என்று ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால், நிரபராதிகளைக் கூட்டமாகக் கொல்லும் குற்றத்துக்குச் சட்டம் ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மிரட்டல் தண்டனையைக் குறைக்கும், குற்றத்தை அழிக்காது.

ராஜன், பிரிக்ஃபீல்ட்ஸ்:
அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கொலைக்கு நிர்ப்பந்தம் செல்லாது என்ற தனிவிதி சர்வதேசச் சட்டத்தில் இல்லையென்றால், நிர்ப்பந்தத்துக்கான பொதுவிதிதான் பொருந்த வேண்டும். கசேசே கேட்டது அதைத்தான். நிபந்தனைகளைக் கடுமையாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதவையே சாத்தாதீர்கள் என்றார். விதி இல்லாத இடத்தில் நீதிபதிகள் கொள்கையைக் காட்டி ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாமா?

முன்னாள் சிப்பாய், தைப்பிங்:
தம்பி ராஜன் சொல்வதில் ஒன்று விட்டுப்போகிறது. சிப்பாய் என்பவன் சாவுக்குத் துணிந்து சேருகிறவன். கடைத்தெருவில் போகிறவனுக்கும் அவனுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. இதை எனக்கு எதிராகவே சொல்கிறேன் என்று தெரியும். உத்தரவுக்குப் பணிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் கையில் ஆயுதம் இல்லாதவனை வரிசையில் நிறுத்திச் சுடச் சொல்வதை நான் ராணுவ உத்தரவு என்றே எடுத்துக்கொள்ளமாட்டேன்.

வழக்கறிஞர் கோமதி, ஜார்ஜ்டவுன்:
அண்ணன் சொன்ன வாதம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. சாதாரண மனிதனைவிடச் சிப்பாயிடம் அதிக உறுதியை எதிர்பார்க்கலாம் என்றார்கள்.

ராஜன், கசேசே வழியில் போனால்கூட எர்டெமோவிச் எளிதாகத் தப்பியிருப்பாரா என்பது சந்தேகம். அதே நாள் பிற்பகலில் நடந்ததைப் பாருங்கள். பண்ணையில் கொன்று முடித்த பிறகு, பிலிட்சா கலாசார மண்டபத்தில் இன்னும் 500 பேர் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு அதிகாரி வந்து சொன்னார். இனி முடியாது என்றார் எர்டெமோவிச். கூட இருந்த சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களை யாரும் சுடவில்லை. பிராட்டுனாட்ஸிலிருந்து வந்த வேறு ஆட்கள் அந்த வேலையைச் செய்தார்கள். எர்டெமோவிச் எதிரே ஒரு சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் மறுக்க முடிந்தவனால் காலையில் முடிந்திருக்காதா? நிர்ப்பந்த வாதம் வழக்கமாக உடைகிற இடம் இதுதான். மிரட்டல் உண்மையா, அந்த நேரத்திலேயே நடக்கப்போவதா, தப்ப வேறு வழி இருந்ததா என்று மணிக்கணக்கு வைத்துப் பார்ப்பார்கள்.

ராஜன், பிரிக்ஃபீல்ட்ஸ்:
காலையும் பிற்பகலும் ஒன்றில்லையே! காலையில் அவர் தனியாக மறுத்தார். பிற்பகலில் கூட ஆள் இருந்தார்கள், மாற்று ஆட்களும் தயாராக இருந்தார்கள். பிற்பகலைக் காட்டிக் காலை மிரட்டல் பொய் என்று சொல்ல முடியாது. 1998ல் மறுபடி தண்டனை விதித்த அமர்வே, மறுத்திருந்தால் கொல்லப்பட்டிருக்கும் ஆபத்து உண்மையானது என்று ஒப்புக்கொண்டதே. முதலில் கொடுத்த 10 ஆண்டுகளை 5 ஆகக் குறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வழக்கறிஞர் கோமதி, ஜார்ஜ்டவுன்:
அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அமர்வு அவரை நம்பியது. அவர் மற்ற வழக்குகளில் உண்மையைச் சொல்லி உதவியதையும் கணக்கில் எடுத்தது.

மாலினி, பட்டர்வொர்த்:
தெரியாமல் செய்தது என்ற வாதம் எங்கே வரும்? இவர் அதைச் சொல்லவே இல்லையே?

வழக்கறிஞர் கோமதி, ஜார்ஜ்டவுன்:
சொல்ல வழியில்லை. கண்ணெதிரே சாதாரண உடையில் நிற்கிறவனைச் சுட்டுவிட்டு எதைத் தவறாக நினைத்தேன் என்று சொல்வது? என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் ஆட்களை ஏற்றிவந்த ஓட்டுநர் ஒருவேளை சொல்லலாம், அதுவும் முதல் பயணத்துக்கு மட்டும்.

இந்த வாதம் ஜெயித்தும் இருக்கிறது. 1944ல் ஜெர்மன் தளபதி ரெண்டுலிச், ரஷ்யப் படை துரத்தி வருகிறது என்று நம்பி, நார்வேயின் ஃபின்மார்க் பகுதியை எரித்துவிட்டுப் பின்வாங்கினார். அப்படி யாரும் நெருக்கித் துரத்தவில்லை. நியூரம்பெர்க்கில் அமெரிக்கத் தீர்ப்பாயம், அன்றைக்கு அவருக்குத் தெரிந்த நிலவரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. வேறு குற்றங்களுக்கு 20 ஆண்டுகள் கிடைத்தது. நடந்த நிலவரம் தெரியாது என்றால் கேட்பார்கள். கொல்வது தப்பு என்று தெரியாது என்றால் கேட்கமாட்டார்கள்.

ராஜன், பிரிக்ஃபீல்ட்ஸ்:
அப்புறம் ஒன்று. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தின் 31ஆவது பிரிவு நிர்ப்பந்தத்துக்கு இடம் கொடுக்கிறது, கொலைக்கு மட்டும் அது செல்லாது என்று அதில் எழுதவில்லை. அப்படியென்றால் கடைசியில் கசேசே பக்கம்தானே உலகம் சாய்ந்தது?

வழக்கறிஞர் கோமதி, ஜார்ஜ்டவுன்:
எழுத்தில் ஆமாம். ஆனால் தவிர்க்க நினைத்ததைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கும் எண்ணம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அங்கே இருக்கிறது. தன் ஓர் உயிருக்காக 70 உயிர் என்பது அதில் எப்படித் தேறும், அவர்கள் எப்படியும் செத்திருப்பார்கள் என்பதை ஏற்பார்களா என்பதற்கு அந்த நீதிமன்றம் இதுவரை பதில் சொல்லவில்லை.

அங்கே பெரிய அளவில் இந்த வாதத்தை வைத்தவர் உகாண்டாவின் டொமினிக் ஓங்வென். சிறுவனாக இருக்கும்போதே கிளர்ச்சித் தலைவர் ஜோசப் கோனியின் படை கடத்திக்கொண்டு போன பிள்ளை. அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்தது. ஆனால் வழக்கு அவர் வளர்ந்து படைத்தளபதி ஆன காலத்தைப் பற்றியது. கோனியின் கண் எப்போதும் அவர்மேல் இல்லை, மற்றவர்கள் தப்பி ஓடியிருக்கிறார்கள், இவர் பதவி உயர்ந்துகொண்டே போனார் என்று பார்த்து, 2021ல் வாதத்தை நிராகரித்து 25 ஆண்டுகள் கொடுத்தார்கள். பெரும்பாலும் ஹேக் வரை வந்து சேருகிறவர்கள் உத்தரவு போட்டவர்கள்தான். அவர்கள் வாயில் இந்த வாதம் நிற்பது கஷ்டம்.

முன்னாள் சிப்பாய், தைப்பிங்:
அப்படியானால் எர்டெமோவிச் மாதிரி அடிமட்ட ஆள் ஒருவன் அங்கே வந்தால்தான் ராஜன் கேட்டதற்குப் பதில் கிடைக்கும். மலேசியா 2019 மார்ச்சில் அந்தச் சாசனத்தில் சேர்ந்து ஏப்ரலிலேயே விலகிவிட்டதே, நம் சிப்பாய்க்கு இது எதுவும் பொருந்துமா?

ராஜன், பிரிக்ஃபீல்ட்ஸ்:
சாசனத்தில் இருக்கிற நாட்டின் மண்ணில் குற்றம் நடந்தால் பொருந்தும் சார். நம் வீரர்கள் அமைதிப்படையில் போகிறார்கள் இல்லையா, அது பற்றி அக்கா சொன்னால் நல்லது. அமைதிப்படைக்குத் தனி ஒப்பந்தங்கள் உண்டு என்று மட்டும் எனக்குத் தெரியும்.