எண்ணெய்க்கு அடியில் கிடந்த தண்ணீர்

காரைக்குடி மருமகள்
போன வாரம் எங்கள் வீட்டுப் படைப்புக்கு வெள்ளைப் பணியாரம் சுட உட்கார்ந்தேன். பெரிய இருப்புச்சட்டியைக் கழுவி, அவசரத்தில் துண்டால் ஒரு துடை துடைத்து அடுப்பில் வைத்தேன். குழிந்த அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீராவது கிடந்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் 2 லிட்டர் கடலை எண்ணெயை ஊற்றி, தீயையும் பெரிதாக வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமேயில்லை. அப்புறம் அடியில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். எண்ணெய் காய்கிறது போல என்று நினைத்து மாவைக் கலக்கப் போனேன். திடீரென்று 'படீர்' என்று எண்ணெய் மேலே எழும்பியது. சுவரில் என் தோள் உயரத்துக்கு எண்ணெய்த் திட்டு. முழங்கைக்குக் கீழே நாணயம் அளவில் மூன்று இடத்தில் பட்டுவிட்டது. இத்தனைக்கும் மாவை இன்னும் ஊற்றவேயில்லை. கையைக் குழாயடியில் இருபது நிமிடம் வைத்திருந்ததால் கொப்புளம் பெரிதாகவில்லை.

அவ்வளவு நேரம் சும்மா கிடந்த தண்ணீர் ஏன் ஒரேயடியாக வெடித்தது? இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

பள்ளத்தூர்க்காரன்
எங்கள் அப்பத்தா சொல்வார், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது, அதனால்தான் அடித்து வெளியே தள்ளுகிறது என்று. இரண்டும் கலக்காது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே. எனக்கும் நேற்று வாழைக்காய் பொரிக்கும்போது தெறித்தது. கழுவிய ஈரத்தோடு போட்டுவிட்டேன்.

தேவகோட்டை வாத்தியார் (ஓய்வு)
தம்பி, கலக்காது என்பது சரிதான். ஆனால் அதனால் மட்டும் தெறிக்காது. ஆறிய எண்ணெயில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், பேசாமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும், ஒரு லிட்டர் தண்ணீரோ ஒரு கிலோ. தண்ணீர் கனம், அதனால் மூழ்குகிறது. விஷயமே அந்த மூழ்குவதில்தான் இருக்கிறது.

பொரிக்கிற எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். தண்ணீர் ஆவியாக 100 டிகிரி போதும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஆவிக்கு மேலே வழி திறந்திருக்கிறது, அதனால் சீறிவிட்டுப் போய்விடும். எண்ணெய்க்குள் போன துளியைச் சுற்றி நாலு பக்கமும் எண்ணெய். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 பங்கு இடம் கேட்கும். அம்மா சொன்ன ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, முழுவதும் ஆவியானால் 8 லிட்டருக்கு மேல். சட்டியில் இருப்பதோ 2 லிட்டர் எண்ணெய். அதன் அடியிலிருந்து அந்த ஆவி வெளியேறப் பார்க்கிறது. மேலே கிடக்கும் எண்ணெயைத் தூக்கி எறியாமல் அதற்கு வழியில்லை. தெறித்து விழுவது தண்ணீர் இல்லை, அது தூக்கிய எண்ணெய். அதனால்தான் இவ்வளவு சுடுகிறது.

நேரம் ஏன் பிடித்தது என்று கேட்டீர்கள். முதலில் அடியில் உண்டான சின்னக் குமிழ்கள், மேலே இருந்த ஆறிய எண்ணெய்க்குள் ஏறும்போதே குளிர்ந்து சுருங்கிப் போயிருக்கும். நீங்கள் கேட்ட 'டிக், டிக்' அதுதான். எண்ணெய் முழுவதும் 100 டிகிரியைத் தாண்டிய பிறகு குமிழ் சாகாது, முழுசாக மேலே வரும். இன்னொன்றும் உண்டு. எண்ணெய் சூழ்ந்து கிடக்கும் தண்ணீருக்குக் குமிழ் தொடங்க ஒரு கீறலோ காற்றுப் பொட்டோ கிடைக்காவிட்டால், 100-ஐத் தாண்டியும் தண்ணீராகவே சூடேறிக்கொண்டு போகும். பிறகு ஒரு இடத்தில் தொடங்கியதும் மொத்தமும் ஒரே நொடியில் ஆவியாகும். உங்கள் சட்டியில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தூர்க்காரன்
அப்படியென்றால் ரசத்தில் தாளித்துக் கொட்டும்போது ஏன் வெடிப்பதில்லை சார்? அதுவும் காய்ந்த எண்ணெய்தானே?

தேவகோட்டை வாத்தியார் (ஓய்வு)
நல்ல கேள்வி. அங்கே எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. கொட்டிய எண்ணெய் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதைத் தொட்ட மேல்தண்ணீர் ஆவியாகி உடனே காற்றுக்குப் போய்விடுகிறது. 'சொய்' என்று சத்தம் வருமே தவிர, தூக்கி எறிய மேலே கனமான எண்ணெய் கிடையாது.

கானாடுகாத்தான்
எனக்கும் இதே பிரச்சினை. சீப்புச் சீடை போட்டால் எண்ணெயில் வெடிக்கிறது. சட்டி நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது. மாவைச் சலித்தும் பார்த்துவிட்டேன்.

விசேஷச் சமையல், முப்பது வருஷம்
ஆச்சி, உங்களுடையது வேறு. சீடையில் மேல்தோல் முதலில் இறுகிவிடுகிறது, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்கிறது. ஆவிதான் காரணம் என்றாலும் அதை அடைத்து வைப்பது எண்ணெய் இல்லை, மாவு. தீயைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

பணியாரம் சுட்ட அம்மாவுக்கு: மாவில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது! ஆனாலும் ஒரு கரண்டி ஊற்றினால் வெடிக்காது, ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழாகச் சலசலவென்று வரும். மாவு பிடித்து வைத்துக்கொண்டு ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தச் சத்தம் அடங்கினால் வெந்துவிட்டது என்று எடுப்போம். வெறும் தண்ணீரைப் பிடித்து வைக்க ஆளில்லை.

நாங்கள் சட்டியைத் துடைத்தாலும் அப்படியே எண்ணெய் ஊற்ற மாட்டோம். வெறும் சட்டியை அடுப்பில் வைத்துச் சூடுகாட்டுவோம். இரும்பில் ஈரக்கறை விளிம்பிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே போய் மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். கைப்பிடி பொருந்தும் இடத்தில் கடைசிவரை ஈரம் நிற்கும், அங்கேயும் பார்ப்போம். அப்புறம்தான் எண்ணெய்.

ஒன்றும் போடாத எண்ணெயிலிருந்து சத்தம் வந்தால் அடியில் தண்ணீர் கிடக்கிறது என்று அர்த்தம். உடனே தீயை அணைத்துவிட்டு, தள்ளி நில்லுங்கள். கரண்டியை விட்டுக் கிண்டாதீர்கள். முழுக்க ஆறிய பிறகு மேல் எண்ணெயைத் தெளிவாக வேறு பாத்திரத்துக்கு இறுத்தால், அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கிடக்கும்.

இன்னொரு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். தெறிக்கிறதே என்று சட்டியைத் தட்டால் மூடிவிடுவார்கள். அந்தத் தட்டின் உள்பக்கத்தில் ஆவி வியர்த்து நிற்கும், திறக்கும்போது வரிசையாக எண்ணெயிலேயே சொட்டும். எங்கள் ஆளுக்கு ஒரு தடவை முகத்தில் பட்டது இப்படித்தான். மூடத்தான் வேண்டுமென்றால் ஓட்டை உள்ள சல்லடையால் மூடுங்கள், ஆவி போய்விடும்.

எண்ணெயே தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆவி எண்ணெயைத் தூவலாக மேலே அடிக்கும், அத்தனையும் எரியும். அடுப்பை அணைத்துக் கனத்த மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடவேண்டும். அங்கே மூடி வேண்டும், பொரிக்கும்போது வேண்டாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செட்டிநாட்டு மீன்பிரியை
மீன் பொரிக்குமுன் எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் தெறிக்காது என்று என் அம்மா போடுவார். எனக்குக் குறைந்த மாதிரிதான் தெரிகிறது.

தேவகோட்டை வாத்தியார் (ஓய்வு)
மீனின் மேல் நிற்கும் மெல்லிய ஈரத்துக்கு உப்பு ஏதாவது செய்யலாம், நான் மறுக்கவில்லை. சட்டி அடியில் தேங்கிய தண்ணீருக்கு ஒரு சிட்டிகை உப்பு போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விசேஷச் சமையல், முப்பது வருஷம்
நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் குறையும், ஒரு நாள் குறையாது. மீனைத் துணியில் ஒற்றி எடுத்த நாளெல்லாம் உப்பில்லாமலே குறைந்தது.

செட்டிநாட்டு மீன்பிரியை
நாங்கள் ஒற்றியும் எடுப்போம், உப்பும் போடுவோம். அதனால் எது வேலை செய்கிறது என்று சொல்ல முடியவில்லை.

காரைக்குடி மருமகள்
நேற்று மறுபடியும் சுட்டேன். வெறும் சட்டியைச் சூடுகாட்டினேன். கைப்பிடி ஆணி பக்கத்தில் ஈரம் மறைய, நான் நினைத்ததைவிட இன்னும் இரண்டு நிமிடம் பிடித்தது. எண்ணெய் ஊற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. முதல் பணியாரம் விழுந்தபோதுதான் சலசலப்பே தொடங்கியது.