கேப்ஷனை மாற்றிவிட்டு கிளையண்டுக்குக் கடிதம் எழுதியவர்கள் யாராவது உண்டா?

நெல்லைக்காரி

மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

கிளையண்ட் தூத்துக்குடிப் பக்கம் கருப்பட்டி எள்ளுருண்டை செய்பவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு இன்ஸ்டாவில் ஒரு பதிவு போட்டேன். முதல் வரி: "சர்க்கரை துளியும் இல்லை! சுகர் உள்ளவர்களும் கவலையின்றிச் சாப்பிடலாம்." பத்து மணிக்குள் 31 கமென்ட். வழக்கமான "விலை ஜாஸ்தி", "சென்னைக்கு டெலிவரி உண்டா" எல்லாம் போக, ஒன்பது பேர் ஒரே கேள்வி: கருப்பட்டியும் சர்க்கரைதானே? கிண்டலாகச் சிலர், கோபமாகச் சிலர். அவற்றுக்கு நடுவில் ஒரு பெண் சத்தமே இல்லாமல் எழுதியிருந்தார்: "அப்பாவுக்கு சுகர். இதைப் பார்த்துத்தான் ஒரு கிலோ ஆர்டர் போட்டேன். கொடுக்கலாமா, வேண்டாமா?"

அண்ணாச்சியை இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. 10.40-க்கு நானே மாற்றினேன். காலையில் "யாரைக் கேட்டும்மா மாத்துன?" என்று போன். நேரில் பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் மெயிலில் எழுதுகிறேன் என்றேன்.

முதலில் எழுதிய வரி இப்படி இருந்தது: "எதிர்மறைக் கருத்துகள் வந்த காரணத்தால் கேப்ஷன் மாற்றப்பட்டது." படித்துப் பார்த்தேன். யார் மாற்றியது, யார் எழுதியது, எதுவும் அதில் இல்லை. அழித்துவிட்டு எழுதி அனுப்பியது இது:

> அண்ணாச்சிக்கு வணக்கம். நேற்று இரவு 10.40-க்கு எள்ளுருண்டைப் பதிவின் கேப்ஷனை உங்களைக் கேட்காமல் மாற்றினேன். இரண்டு முறை அழைத்தும் நீங்கள் எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு பூஸ்ட் தொடங்க இருந்தது. தொடங்கிவிட்டால் எழுத்தில் கை வைக்க முடியாது, உங்கள் பணம் அந்தத் தவறான வரியின் மேலேயே ஓடும்.
>
> இப்போது இருப்பது: "சீனி சேர்க்காமல் கருப்பட்டியில் பிடித்த எள்ளுருண்டை. கருப்பட்டியிலும் சர்க்கரைச் சத்து உண்டு. சுகர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும்."
>
> திட்டினார்கள் என்பதற்காக மாற்றவில்லை. விலையைப் பற்றியும் ஆறு பேர் திட்டினார்கள், அதை நான் தொடவில்லை. மாற்றியது ஒரே ஒரு கமென்ட்டுக்காக. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன், அதை மட்டும் படியுங்கள்.
>
> நீங்கள் என்னிடம் "சீனி போடல" என்றுதான் சொன்னீர்கள். அது உண்மை. அதைச் "சர்க்கரை துளியும் இல்லை" என்று எழுதியது நான். சுகர் உள்ளவர்கள் சாப்பிடலாம் என்று சேர்த்ததும் நான்தான். நீங்கள் சரி என்று சொன்னதால் அது உங்கள் தப்பு ஆகாது.
>
> திருத்தியதைச் சொல்லி ஒரு கமென்ட்டை மேலே பின் செய்திருக்கிறேன். ஆர்டர் போட்ட அந்தப் பெண்ணுக்கு நீங்களே ஒரு போன் செய்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் ஊரில் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் வேறு. சென்னைக்கு வந்து பதினோரு வருடத்தில் அந்த வித்தியாசம் என் கையை விட்டுப் போயிருக்கிறது.

அண்ணாச்சி பதிலுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். முதலில் கொஞ்ச நேரம் கடைச் சத்தம் மட்டும். அப்புறம், "சரிம்மா, புரியுது. ஆனா அந்த வரி நல்லாருக்கேன்னு டப்பா ஸ்டிக்கருக்கும் அதையே குடுத்துட்டேன். ரெண்டாயிரம் அடிச்சு வந்துருச்சே."

கோவை டிசைனர்

இதற்கெல்லாம் கடிதமா? கேப்ஷனை மாற்றினால் பழையது யாருக்கும் தெரியப்போவதில்லை. கமென்ட்டுகளை ஹைட் செய்துவிட்டு, காலையில் "சின்னத் திருத்தம் அண்ணா" என்று ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தால் முடிந்தது. எனக்கும் இப்படி ஒன்று நடந்தது, ஒரு நகைக்கடைக்கு. செய்கூலி இல்லை என்று போட்டுவிட்டோம், குறிப்பிட்ட டிசைன்களுக்கு மட்டும்தான் இல்லை. சத்தம் போடாமல் மாற்றினேன். கிளையண்டுக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் தப்பு தப்பு என்று நாலு இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நாளைக்கு அதே மெயிலைக் காட்டி பில்லில் பிடித்துக்கொள்வார்.

பழைய ஏஜென்சி ஆள்

கோவைத் தம்பி சொல்வதில் பாதி சரி. இன்ஸ்டாவில் பழைய கேப்ஷனை வெளி ஆள் பார்க்க முடியாது. அதே பதிவு ஃபேஸ்புக்கிலும் போயிருந்தால் கதை வேறு. அங்கே பதிவின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் "View edit history" என்று வரும், யார் வேண்டுமானாலும் பழைய வரியை எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். இரண்டு இடத்திலும் போடுகிறவர்கள் ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவதும் உண்டு. நானே மறந்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட அட்மிஷன் பதிவு அது. இன்ஸ்டாவில் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன், காலையில் பெற்றோர் ஒருவர் ஃபேஸ்புக் பதிவை பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரே பிரின்சிபால் அறைக்குப் போய்விட்டார். என் கதை அவ்வளவுதான். இனி அறிவுரை, யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்.

சத்தம் போடாமல் மாற்றினால் என்ன ஆகும் என்றால், கீழே இருக்கும் பழைய கமென்ட்டுகள் அப்படியே நிற்கும். மறுநாள் வருகிறவர் புது கேப்ஷனைப் படிப்பார், கீழே ஒன்பது பேர் "பொய் சொல்லாதே" என்று எழுதியிருப்பதையும் படிப்பார். "எங்கேய்யா அப்படிப் போட்டிருக்கு?" என்று ஒருவர் கேட்பார், "மாத்திட்டாங்க" என்று இன்னொருவர் பழைய ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார். அதன் பிறகு பேச்சு எள்ளுருண்டையைப் பற்றி இருக்காது, மறைத்ததைப் பற்றித்தான் இருக்கும். அதனால்தான் பின் செய்த கமென்ட் வேண்டும். அதைக் கடிதத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். கிளையண்டுக்கு அதுதான் அதிகம் கசக்கும். ஏன் என்று இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. கடிதத்தில் சட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. உணவு விளம்பரங்களுக்கு FSSAI-இன் 2018 விதிமுறைகள் இருக்கின்றன. சர்க்கரை இல்லாதது என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமுக்கு அரை கிராம் சர்க்கரைக்கு மேல் இருக்கக் கூடாது. கருப்பட்டி எள்ளுருண்டை அதன் பக்கத்தில்கூட வராது. சர்க்கரை சேர்க்காதது என்றால் எந்த வகைச் சர்க்கரையும் சேர்க்கக் கூடாது, தேன்கூட அதில் அடக்கம். இதோடு நிறுத்தாமல் "சுகர் குறையும்" என்று யாராவது எழுதினால், நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954 சட்டம் வந்து நிற்கும். நீரிழிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் எழுதிய வரி அதற்கு ஓரடி இந்தப் பக்கம் நிற்கிறது, அவ்வளவுதான். இதை எழுதியிருந்தால் அண்ணாச்சியின் "யாரைக் கேட்டு" என்ற கேள்விக்கு அதுவே பதிலாக இருந்திருக்கும்.

சப்டைட்டில் சரவெடி

எனக்கும் கேப்ஷன் பிரச்சினை வந்திருக்கிறது. ஒரு ஜவுளிக்கடை ரீல். முதலாளி வீடியோவில் "கோரா காட்டன்" என்கிறார், கீழே ஓடும் எழுத்தில் "கோரக் காட்டன்" என்று நான் அடித்துவிட்டேன். இருநூறு சிரிப்பு ஸ்மைலி. எடிட் பண்ணலாம் என்று போனால் எழுத்து வீடியோவோடு ஒட்டிப்போயிருக்கிறது, மாற்ற வழியே இல்லை. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், 40 ஆயிரம் வியூ போச்சு. கடிதம் எல்லாம் எழுதவில்லை, முதலாளி கடைக்குக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து அந்த ரீலை மூன்று முறை போட்டுக் காட்டினார். அதுவே போதும்.

கோவை டிசைனர்

சரவெடி, அவர் கேட்பது பதிவுக்குக் கீழே எழுதும் கேப்ஷன். ஏஜென்சி அண்ணா, கடிதத்தில் சட்டத்தைப் போட்டால் கிளையண்ட் பயந்து பதிவையே தூக்கச் சொல்வார். ஃபேஸ்புக் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செய்கூலி விஷயத்தில் யாரும் சாகப் போவதில்லை, எள்ளுருண்டையோடு அதைச் சேர்க்காதீர்கள்.

பழைய ஏஜென்சி ஆள்

சேர்த்தது நீ தம்பி.

மசாலாக்கடை

நான் அந்தப் பக்கத்து ஆள், கிளையண்ட். எங்கள் பதிவைப் பார்க்கும் பையனும் ஒருநாள் இப்படி ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டு மூன்று பக்கம் எழுதி அனுப்பினான். ரீச், என்கேஜ்மென்ட், சென்டிமென்ட் என்று முழுக்க அவன் பாஷை. நான் தேடியது இரண்டு விஷயம்தான். முன்னால் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது. அது இரண்டாம் பக்கத்துக் கடைசியில் இருந்தது. உங்கள் கடிதத்தில் புது வரி இருக்கிறது, பழைய வரி தனியாக இல்லை. அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டிருப்பீர்கள். எங்களுக்கு நினைவிருக்காது அம்மா. ஓகே சொன்னது கல்லாவில் நின்றுகொண்டு.

ஆனால் "நீங்கள் சரி என்று சொன்னதால் அது உங்கள் தப்பு ஆகாது" என்று எழுதினீர்களே, அது சரியா என்று தெரியவில்லை. எள்ளுருண்டையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். படித்துப் பார்த்துத்தானே ஓகே சொல்லியிருக்க வேண்டும்? எல்லாவற்றையும் நீங்களே தூக்கிக்கொண்டால் அடுத்த முறையும் படிக்காமல்தான் ஓகே சொல்வார். எங்கள் பையனுக்கு நான் சொல்லிவிட்டேன்: பொருளில் இருப்பதைப் பற்றிய வரி என்றால் நான் "படித்தேன்" என்று எழுதினால்தான் போட வேண்டும், கட்டைவிரல் ஸ்மைலி செல்லாது.

நெல்லைக்காரி

மசாலாக்கடை அண்ணன் சொன்னது உறைத்தது. பழைய வரியை நான் தனியாக எடுத்துப் போடாததற்குக் காரணம் மறதி இல்லை. அதைத் திரும்ப டைப் செய்ய வெட்கமாக இருந்தது.

கோவை, பில்லில் பிடிக்கவில்லை. அந்த மாதம் முழுத் தொகையும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அண்ணாச்சி போன் செய்து பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வேண்டாம், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள் என்றாராம். பின் செய்த கமென்ட்டை மட்டும் நான்காம் நாள் எடுக்கச் சொல்லிவிட்டார், எடுத்துவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

நான் இதை எழுத வந்ததே ஸ்டிக்கருக்காக. கேப்ஷனை 10.40-க்கு மாற்ற முடிந்தது. ஸ்டிக்கருக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, அந்த வரியின் மேல் ஒட்டச் சின்னதாக ஒரு வெள்ளைத் துண்டு அடித்துத் தருகிறேன், செலவு என்னுடையது என்றேன். அண்ணாச்சி சரி என்றார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டு கடையில் அவருடைய டப்பா இரண்டு இருந்தது. ஒன்றில் வெள்ளைத் துண்டு இருந்தது. இன்னொன்றில் இல்லை. இல்லாததை நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை.