புதுப்பிப்பு: குதிகால் செருப்புக்கு ஏற்ற உள்பாவாடை நீளம்

நான் கேட்டிருந்தது: “மூன்று அங்குலக் குதிகாலுக்கு உள்பாவாடை எவ்வளவு நீளம் வேண்டும்?”

பழைய நீளத்தோடு மூன்றைக் கூட்டச் சொன்னவர் பாதி சரி. தையல் தெரிந்த அக்கா, செருப்போடு நிற்கவைத்து, நாடா கட்டும் இடத்திலிருந்து தரைவரை அளக்கச் சொன்னார். வெறுங்காலில் 38 அங்குலம், செருப்போடு 40½தான். கணுக்கால் குதிகாலுக்குச் சற்று முன்னால் இருப்பதால் உடல் முழு மூன்று அங்குலம் உயர்வதில்லையாம். அதில் ஒன்று குறைத்து 39½ வைத்தேன். படியேறும்போது நுனி காலில் மாட்டவே இல்லை!

இடுப்பையும் அதே இடத்தில் அளந்தேன். தொப்புளுக்குக் கீழே சுற்றளவு இரண்டு அங்குலம் கூடுதல். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே மடித்துத் தையுங்கள், சுருங்கும்.

லெஹங்கா பற்றிக் கேட்ட தோழிக்கு: உள்ளே விறைப்பான வலைத்துணி இருந்தால் அதையும் அணிந்தே அளக்க வேண்டும். எவ்வளவு தூக்கும் என்பதில் இன்னும் ஒத்த கருத்தில்லை.