மாதக் கடைசியில் ரொக்கம் 4,720 ரூபாய் குறைந்தது: யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மாதக்கடைசி:

கோவையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் அக்கவுண்டண்டாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அக்டோபர் கணக்கை முடிக்க 3ஆம் தேதி உட்கார்ந்தேன். 31 இரவு டேலியில் ரொக்க இருப்பு 66,550. கேஷியர் அக்கா நோட்டுகளை எண்ணி எழுதி வைத்த சீட்டில் 61,830. வித்தியாசம் 4,720.

அக்கா 1ஆம் தேதி காலையிலேயே ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. முதலாளியின் மகன், "அவங்க சம்பளத்துல பிடிச்சிக்கலாம்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருடமாக அந்தக் கல்லாவில் இருப்பவர் அவர். ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

முதலில் 4,720ஐ 9ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதி வந்தது. ஆக இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அடுத்து பாதியை, அதாவது 2,360ஐத் தேடினேன், செலவு ஏதாவது வரவுப் பக்கம் விழுந்திருக்கிறதா என்று. கேஸ் ஸ்டவ் ஒன்று அதே 2,360க்கு விற்றிருந்தது! ஒரு மணி நேரம் அதன் பின்னாலேயே அலைந்தேன். பில், ரசீது எல்லாம் சரியாகவே இருந்தன. வெறும் தற்செயல்.

அப்புறம்தான் 1ஆம் தேதி இரவுச் சீட்டை எடுத்து டேலியின் 1ஆம் தேதி இருப்போடு வைத்துப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை. 31இல் குறைந்த பணம் மறுநாள் தானாகச் சேர்ந்துவிட்டது! யாராவது எடுத்திருந்தால் அந்தக் குறை அப்படியே தொடர்ந்திருக்க வேண்டும். நவம்பரின் முதல் பதிவே கிரெடிட் நோட். மிக்ஸி ரிட்டர்ன், 4,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 720ம், ரொக்கமாகக் கொடுத்தது. 31 இரவு எட்டரைக்கு வாடிக்கையாளர் மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அக்கா பணத்தைக் கொடுத்துவிட்டார். மறுநாள் கல்லாவில் உட்கார்ந்த முதலாளியின் மகன் அன்றைய தேதியிலேயே பதிந்துவிட்டார்.

அக்டோபரைத் திரும்பத் திரும்பப் புரட்டியும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அந்தப் பதிவு அக்டோபரிலேயே இல்லை.

ஈரோடு டேலி:

இதற்கு இவ்வளவு கவலையா? இதெல்லாம் வெறும் தேதி வித்தியாசம். பேங்க் ரீகன்சிலியேஷனில் மாதா மாதம் வருகிறதே! அடுத்த மாதம் தானாகச் சரியாகும், ஒரு குறிப்பு எழுதிவிட்டு விட்டுவிடலாம்.

பழைய பேரேடு:

தம்பி சொல்வது பேங்குக்குப் பொருந்தும். நாம் செக் கொடுத்த அன்றே எழுதிவிடுவோம், பேங்கில் நாலு நாள் கழித்து விழும். நம் புத்தகம் சரி, பணம் வழியில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ரொக்கத்துக்கு வழி என்று ஒன்று கிடையாது. கல்லாவை விட்டுப் போனால் போனதுதான். அங்கே வித்தியாசம் வந்தால் புத்தகம் தப்பு, இல்லை கல்லா தப்பு. குறிப்பு எழுதி விட முடியாது, பதிவைத் திருத்த வேண்டும்.

அம்மா, நீ ஒன்று சொல்லவில்லை. 31 இரவு ஸ்டாக் எண்ணினீர்களா? மிக்ஸி திரும்பி வந்திருந்தால் குடோனில் ஒன்று கூடுதலாக இருந்திருக்குமே?

மாதக்கடைசி:

ஐயா, இருந்தது! குடோன் தம்பி 'மிக்ஸி 1 அதிகம்' என்று எழுதியே கொடுத்திருந்தான். நான் அதைத் தனியாக வைத்துவிட்டேன், பணத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

அரசு ஊழியர் மகள்:

எங்கள் அப்பாவுக்கும் இதே பிரச்சினை. வருமான வரி ரீஃபண்ட் மார்ச்சில் வர வேண்டியது ஏப்ரலில்தான் வந்தது. அதை எந்த வருடத்தில் காட்டுவது என்று யாராவது சொல்ல முடியுமா?

பழைய பேரேடு:

அது வேறு விஷயம் தாயி, தனியாகக் கேளுங்கள். இங்கே பேசுவது கடை திருப்பிக் கொடுத்த பணம்.

திருப்பூர்க்காரன்:

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். பனியன், டி-ஷர்ட் ஆன்லைனில் விற்கிறோம். 30ஆம் தேதி ரீஃபண்ட் போட்டோம், அன்றே பதிந்தும்விட்டோம். பேமெண்ட் கேட்வே அதை 2ஆம் தேதி செட்டில்மெண்டில்தான் கழித்தது. அதனால் மாதக் கடைசியில் கேட்வேயிடம் நமக்கு வர வேண்டிய தொகை, அவர்கள் கணக்கில் இருந்ததைவிட நம் புத்தகத்தில் குறைவு. இங்கே நம் புத்தகம்தான் சரி, கை வைக்கவே கூடாது. புதிதாக வந்த பையன் இரண்டையும் பொருந்த வைக்கிறேன் என்று நம் பதிவின் தேதியை 2க்கு மாற்றிவிட்டான், அதைப் பிரித்தெடுக்க அரை நாள் போனது. இன்னொன்று, விற்றபோது பிடித்த கமிஷனை எங்கள் கேட்வே ரீஃபண்டின்போது திருப்பித் தருவதில்லை. அதனால் தேதி சரியான பிறகும் சில ரூபாய் இடிக்கும்.

ஈரோடு டேலி:

சரி, ரொக்கம் பற்றி ஐயா சொன்னது புரிந்தது. அப்படியென்றால் கிரெடிட் நோட்டில் F2 அழுத்தித் தேதியை 31 ஆக்கினால் முடிந்ததே?

பழைய பேரேடு:

அவசரப்படாதே. கிரெடிட் நோட் எந்த மாதம் கொடுக்கப்பட்டதோ, அந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்னில்தான் காட்ட வேண்டும். 1ஆம் தேதி போட்ட நோட் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தால் அதைத் தொடக்கூடாது. பணம் போனதை மட்டும் 31இல் வாடிக்கையாளர் பெயரில் பற்று எழுது. 1ஆம் தேதி கிரெடிட் நோட்டைக் கேஷில் இல்லாமல் அதே பெயரில் வரவு வை. பெயர் நேராகிவிடும், 31 ரொக்கமும் பொருந்தும். அக்டோபர் விற்பனையில் 4,000 கூடுதலாக நிற்கும், அது நவம்பரில் கழியும்.

நடு மாதங்களில் இது பெரிதில்லை. இதே மிக்ஸி மார்ச் 31இல் வந்திருந்தால் ஒரு வருடத்தின் லாபத்திலும் கடைசி ஸ்டாக்கிலும் போய் உட்காரும். நாங்கள் ஏப்ரல் முதல் பத்து நாள் ரிட்டர்ன், ரீஃபண்ட் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பொருள் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்போம். பதிவுத் தேதியை மட்டும் நம்பியதில்லை.

மாதக்கடைசி:

வாடிக்கையாளர் கைக்கு எதுவும் போகவில்லை ஐயா. 31 இரவு அவரிடம் பழைய பில்லை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்ததோடு சரி. 1ஆம் தேதி அச்சிட்ட கிரெடிட் நோட் எங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் போடவில்லை, 11ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. அப்படியானால் நோட்டையே 31 தேதியில் போடலாமா?

பழைய பேரேடு:

போடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, பொருளும் பணமும் அன்றே கை மாறிவிட்டன. ஆனால் வேறு ஆடிட்டர்கள், எண் போட்டு அச்சான நோட்டின் தேதியை மாற்றவே விடமாட்டார்கள். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, அவர் சொன்னதை நரேஷனில் எழுதி வை.

மாதக்கடைசி:

கேட்டிருக்கிறேன், நாளை சொல்வதாகச் சொன்னார். பணப் பதிவை மட்டும் நீங்கள் சொன்னபடி 31க்கு எழுதிவிட்டேன், 61,830 பொருந்திவிட்டது.

அக்கா இன்று வந்தார். நடந்ததைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. பேசாமல் போய் 31ஆம் தேதிச் சீட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: "மிக்ஸி வாபஸ் 4,720, இன்னும் ஏத்தல."