புதுப்பிப்பு: தர சோதனைப் பிரிவில் ஆண்–பெண் சம்பள வித்தியாசம்

என் கேள்வி: "திருப்பூர் பின்னலாடை கம்பெனியில் செக்கிங் வேலை. அதே வேலைக்கு ஆண்களுக்கு மாதம் 3,500 ரூபாய் கூடுதல். இது பாகுபாடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது ஓய்வுபெற்ற தொழிலாளர் ஆய்வாளர் ஐயா சொன்ன வழி: பதவிப் பெயரை விட்டுவிட்டு, இரு தரப்பும் தினமும் செய்யும் வேலையை எழுதி, வித்தியாசத்துக்கு வேறு காரணம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது.

அந்த 3,500-இல் நைட் ஷிப்ட் படியாக 1,200 கழிந்தது. அது நியாயமான காரணம். மீதி 2,300. சர்வீஸ் காரணமில்லை, எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கும் அதே கூடுதல் இருந்தது. "அவர்கள் பெட்டி தூக்குகிறார்கள்" என்றது நிர்வாகம். எப்போதாவது லோடு வரும்போது மட்டும்தான். வழக்கமாகச் செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று 1987-இல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் சேர்த்தேன்.

ஆண்களுக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் இருந்தால் கேட்கவே முடியாது என்று ஒரு தம்பி சொன்னது பாதி சரி. உண்மையில் மேற்பார்வை செய்பவருக்குக் கூடுதல் தரலாம். இங்கே அந்த ஆண்களுக்குக் கீழே யாருமில்லை.

எதிர்பாராதது: ஆண்களின் சம்பளத்தைக் குறைத்துச் சமன் செய்வதாகச் சொன்னார்கள். சட்டம் அதைத் தடுக்கிறது என்று காட்டியதும் விட்டுவிட்டார்கள். அடிப்படைச் சம்பளம் ஏறிவிட்டது. பழைய பாக்கி இன்னும் பேச்சில். ஓவர்டைம் பற்றிக் கேட்ட அக்கா, அது தனி விஷயம், தனியாகக் கேளுங்கள்.