தணிக்கைக் குழுவின் ‘டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கவிதா:
வணக்கம். பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் தணிக்கைக் குழு ஆவணத்தைத் தமிழாக்குகிறேன். குழு எதற்கு, யார் யார் உறுப்பினர், எதில் முடிவெடுக்கலாம், எப்போதெல்லாம் கூட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பழைய வரைவில் ‘குறிப்பு விதிமுறைகள்’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். படித்தால் ஒன்றும் விளங்கவில்லை.

செந்தில்:
விசாரணை ஆணையங்களுக்கு ‘ஆய்வு வரம்பு’ என்று செய்திகளில் வருகிறதே, அதையே போடலாம். இரண்டும் ஒன்றுதான்.

இராமநாதன்:
‘வரம்பு’ சரி, ‘ஆய்வு’ பொருந்தாது செந்தில். ஆணையம் ஆராய்ந்து அறிக்கை தந்ததும் கலைந்துவிடும். தணிக்கைக் குழு நிலையானது, சில விஷயங்களில் தானே முடிவெடுப்பது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177ஆம் பிரிவுப்படி, இயக்குநர் குழு எழுத்தில் வகுத்துத் தருவதற்கு உட்பட்டே அது செயல்பட வேண்டும்.

இந்த ஆவணத்தின் உயிரே முடிவுரிமைதான். தணிக்கையாளர் நியமனத்தில் குழு பரிந்துரைக்க மட்டுமே செய்யும்; நியமிப்பது பங்குதாரர்களின் பொதுக்கூட்டம். இயக்குநரின் உறவினர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்றால் குழுவின் ஒப்புதலே வேண்டும். பல வரைவுகளில் இரண்டுக்கும் ‘பரிசீலிக்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு கூட்டக் குறிப்பைப் புரட்டினால் ‘குழு கவனத்தில் கொண்டது’ என்று மட்டும் இருக்கும். ஒப்புதல் தந்தார்களா, கேட்டுக்கொண்டதோடு சரியா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் என் ஓட்டு ‘பணிவரம்பு’.

மல்லிகா:
எங்கள் குடியிருப்பில் தண்ணீர்க் குழு ஒன்று போட்டோம். அவர்களே புது மோட்டார் வாங்கிவிட்டு பில்லை நீட்டினார்கள், செயலர் பணம் தர மறுத்துவிட்டார். 177ஆம் பிரிவைக் காட்டிக் கேட்கலாமா?

இராமநாதன்:
அந்தப் பிரிவு உங்கள் சங்கத்துக்குப் பொருந்தாதும்மா. குழு போட்ட தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு தொகைவரை அவர்களே செலவு செய்யலாம், அதற்குமேல் யாரைக் கேட்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள்.

செந்தில்:
வரம்பு என்றால் எல்லை மட்டும்தானே? நோக்கம், உறுப்பினர், கூட்டம் எல்லாம் அதில் அடங்குமா? ‘பணிவரையறை’ இன்னும் விரிவாக இருக்கும்.

கவிதா:
‘பணிவரையறை’ என்றால் ஓர் ஊழியரின் வேலை விவரம் என்றே எங்கள் அலுவலகத்தில் எடுத்துக்கொள்வார்கள். இப்போதைக்கு ‘தணிக்கைக் குழுவின் பணிவரம்பு’ என்று போடுகிறேன். பரிந்துரை, ஒப்புதல் இரண்டையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்துவிட்டேன். கூட்டம் பற்றி, ‘ஆண்டுக்கு 4 முறையாவது கூட வேண்டும், இரு கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது’ என்று செபி விதியை ஒட்டி எழுதியிருக்கிறேன்.

அடுத்த வரியில்தான் நிற்கிறேன். கூட்டம் செல்லுவதற்குக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் ‘கோரம்’ என்றே விடலாமா, ‘குறைவெண்’ என்று எழுதலாமா?

செந்தில்:
‘குறைவெண்’ என்றால் ஆள் குறைகிறது என்று படிப்பார்கள். நான் ‘கோரம்’ என்றே விடுவேன்.

இராமநாதன்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘குறைவெண்’ என்றே எழுதலாம்.