BTC.D 65-லிருந்து 58-க்கு இறங்கியும் என் ஆல்ட்காயின்கள் அசையவே இல்லை, ஏன்?

தேனிக்காரன் (கேள்வி)

வணக்கம். ட்ரேடிங்வியூவில் BTC.D சார்ட்டை, அதாவது மொத்தக் கிரிப்டோ சந்தை மதிப்பில் பிட்காயினின் பங்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் டாமினன்ஸ் சார்ட்டை, தினமும் பார்த்து வருகிறேன். 2025 ஜூன் கடைசியில் 65-க்குப் பக்கத்தில் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் 58-க்கு வந்துவிட்டது. யூடியூபில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: டாமினன்ஸ் இறங்கினால் பிட்காயினை விற்று ஆல்ட்காயினுக்குப் போகிறார்கள், ஆல்ட்சீசன் ஆரம்பம்.

அதை நம்பி ஜூலையில் கொஞ்சம் பிட்காயினை மாற்றிச் சின்னக் காயின்கள் சிலவற்றை வாங்கினேன். எல்லாம் ரேங்க் 150-க்கு அப்பால் உள்ளவை. டாமினன்ஸ் 7 புள்ளி விழுந்தும் என் காயின்கள் வாங்கின விலையிலேயே நிற்கின்றன, ஒன்றிரண்டு அதற்கும் கீழே. சார்ட் தப்பா, என் புரிதல் தப்பா? அந்த 7 சதவீதப் பணம் எங்கேதான் போனது?

சிவா_கே

ப்ரோ, விடை ஸ்டேபிள்காயின். BTC.D கணக்கில் மொத்தச் சந்தை மதிப்பைக் கீழே வைத்து வகுக்கிறார்கள். அந்த மொத்தத்தில் USDT, USDC மாதிரி டாலர் விலையிலேயே நிற்கும் ஸ்டேபிள்காயின் எல்லாம் உண்டு. புதிதாக USDT அச்சடித்தால் கீழே உள்ள எண் பெருகும், யாரும் ஒரு பிட்காயின்கூட விற்காமலே டாமினன்ஸ் இறங்கும். நீங்கள் பார்த்த இறக்கம் அதுதான். ஆல்ட்டுக்குள் ஒரு பைசா போகவில்லை.

இன்னொன்று, BTC.D-யை விட்டுவிட்டு ஆல்ட்சீசன் இண்டெக்ஸைப் பாருங்கள். 75 தாண்டினால் வாங்க வேண்டியதுதான்.

மதுரை மீனா

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியவில்லை. டாமினன்ஸ் என்பது மைனிங்கில் ஒரு பூல் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதானே? 51 சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து என்று படித்திருக்கிறேன். 58 என்றால் பயப்பட வேண்டாமா?

பழைய வாலட்

மீனா, அது வேறு விஷயம். நீங்கள் சொல்வது ஹாஷ்ரேட். இங்கே பேசுவது சந்தை மதிப்பில் பிட்காயினின் பங்கு. 58 என்பதில் நெட்வொர்க்குக்கு எந்த ஆபத்தும் இல்லை.

சிவா சொன்ன விதி சரி. ஆனால் இந்த இரண்டு மாத இறக்கத்துக்கு அது காரணமில்லை. தேனிக்காரரே, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ட்ரேடிங்வியூவில் சிம்பல் தேடும் இடத்தில் இதை அப்படியே ஒட்டுங்கள்:

```
CRYPTOCAP:BTC/(CRYPTOCAP:TOTAL-CRYPTOCAP:USDT-CRYPTOCAP:USDC)*100
```

இரண்டு பெரிய ஸ்டேபிள்காயின்களையும் கழித்த டாமினன்ஸ் இது. இந்தக் கோடும் BTC.D அளவுக்கே விழுந்திருந்தால் ஸ்டேபிள்காயின்மேல் பழி போட முடியாது.

இனி அந்த 7 புள்ளி. ஜூன் கடைசியில் மொத்தச் சந்தை ஏறக்குறைய 3.3 லட்சம் கோடி டாலர். ஈதர் அப்போது 2,400 டாலர், மதிப்பு 29,000 கோடி டாலர், அதாவது 9 சதவீதம். ஆகஸ்ட் கடைசியில் மொத்தம் 3.9 லட்சம் கோடிக்குப் பக்கம். ஈதர் 4,500 டாலர், மதிப்பு 54,000 கோடி, 14 சதவீதம். ஆக பிட்காயின் விட்ட 7 புள்ளியில் 5 புள்ளியை ஈதர் ஒன்றே எடுத்துக்கொண்டது. மீதியிலும் கணிசமான பங்கு XRP, சோலானா, BNB என்று தலைப்பக்கம் இருக்கிற காயின்களுக்குத்தான். ரேங்க் 150-க்கு வரும்போது பானையில் ஒன்றும் மிச்சமில்லை.

ஈதரை வாங்கியது யார் என்றும் பாருங்கள். அமெரிக்க ஈடிஎஃப்-கள், அப்புறம் ஷார்ப்லிங்க், பிட்மைன் மாதிரி ஈதரைக் கஜானாவில் சேர்க்கும் பங்குச்சந்தை நிறுவனங்கள். அவர்கள் பிட்காயினை விற்று வரவில்லை. பங்கு விற்றுத் திரட்டிய டாலரைக் கொண்டு வந்தார்கள். ஈதரில் லாபம் வந்தால் அதை எடுத்து மீம் காயினில் போடுபவர்களும் இல்லை.

தேனிக்காரன்

ஒட்டிப் பார்த்தேன் அண்ணா. ஜூன் கடைசியில் 70-க்குப் பக்கம், ஆகஸ்ட் கடைசியில் 62-க்குப் பக்கம் காட்டுகிறது. BTC.D-யைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விழுந்திருக்கிறது. அப்படியென்றால் ஸ்டேபிள்காயின் காரணமே இல்லையா?

இன்னொரு சந்தேகம். இதே காலத்தில் பிட்காயின் விலையும் ஏறித்தானே இருக்கிறது? பணம் வெளியே போயிருந்தால் விலை எப்படி ஏறும்?

பழைய வாலட்

இந்த முறை இல்லை. வேறு சமயத்தில் உண்டு. 2022 நவம்பரில், எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்த பிறகு, மொத்தச் சந்தை 83,000 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது. ஸ்டேபிள்காயின்கள் விலை விழாமல் 13,000 கோடி சொச்சத்தில் நின்றன. BTC.D 38, 39 என்று காட்டியது. அவற்றைக் கழித்தால் 45 பக்கம் வரும். அப்போது "பிட்காயின் செல்வாக்கு போய்விட்டது" என்று எழுதியவர்கள் உண்டு. உண்மையில் ஆட்கள் டாலருக்குள் பதுங்கியிருந்தார்கள். சிவாவின் விளக்கம் அந்த மாதத்துக்குப் பொருந்தும்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்தில்தான் விஷயமே இருக்கிறது. டாமினன்ஸ் ஒரு பங்கு வீதம், பணத்தின் பாதையை அது காட்டாது. பிட்காயின் 5 சதவீதம் ஏறி, ஈதர் 80 சதவீதம் ஏறினால் டாமினன்ஸ் விழும். ஒருவரும் பிட்காயினை விற்றிருக்க வேண்டிய அவசியமில்லை. 2021-லும் இதேதான். ஜனவரி தொடக்கத்தில் 70 இருந்த டாமினன்ஸ் மே நடுவில் 40-க்கு வந்தது. அதற்குள் ஏப்ரலில் பிட்காயின் 29,000-லிருந்து 64,000 டாலருக்குப் போயிருந்தது. வெளியிலிருந்து புதுப்பணம் வந்தது. எல்லாம் ஏறின, ஆல்ட்கள் வேகமாக ஏறின.

சந்தை மதிப்பே உள்ளே வந்த பணம் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். 100 கோடி காயின், விலை 10 சென்ட் என்றால் மதிப்பு 10 கோடி டாலர். ஆர்டர் புக் மெலிசாக இருந்தால் சில லட்சம் டாலர் வாங்கலே விலையை 12 சென்ட்டுக்குத் தள்ளிவிடும். மதிப்பு 2 கோடி டாலர் கூடியதாகத் திரையில் தெரியும். வந்தது சில லட்சம்தான். விற்கும்போதும் அதே மெலிசான புக்தான் இருக்கும்.

சிவா_கே

சரி, ஸ்டேபிள்காயின் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2017-ல் பணம் நிஜமாகவே பிட்காயினிலிருந்து ஆல்ட்டுக்குப் போனதே? அதைத்தானே எல்லோரும் சுழற்சி என்கிறார்கள். முதலில் பிட்காயின், பிறகு ஈதர், பிறகு பெரிய ஆல்ட், கடைசியில் குப்பை. இந்தத் தடவையும் ஈதர் கட்டம் முடிந்தால் அடுத்தது வரும். பொறுமை வேண்டும்.

பழைய வாலட்

2017-ல் போனது உண்மை. ஏன் போனது என்று பாருங்கள். அப்போது பிட்ரெக்ஸ், பொலோனிக்ஸ் மாதிரி இடங்களில் பெரும்பாலான ஆல்ட்டுக்கு BTC ஜோடி மட்டும்தான். ஆல்ட் வாங்க வேண்டுமானால் முதலில் பிட்காயின் வாங்கு, அப்புறம் மாற்று. லாபம் எடுத்தாலும் பிட்காயினுக்குத் திரும்பு. அதனால் டிசம்பர் தொடக்கத்தில் பிட்காயின் பாய்ந்தபோது டாமினன்ஸ் 60-ஐத் தாண்டியது, ஜனவரியில் 30-களுக்கு இறங்கியது. குழாய் அப்படி அமைந்திருந்தது. இன்று பெரும்பாலும் USDT ஜோடி. 2024 ஜனவரிக்குப் பிறகு வந்த பெரும் பணம் ஸ்பாட் ஈடிஎஃப் வழியாக வந்தது. அது ஒரு பங்குக் கணக்கில் கிடக்கிறது. அங்கிருந்து உங்கள் ரேங்க் 150 காயினுக்கு வழியே கிடையாது.

சிவா_கே

ஈடிஎஃப் ஆட்கள் மாற மாட்டார்கள், சரி. பழைய திமிங்கலங்கள் மாறலாமே? ஆகஸ்டில் ஒரு பழைய பிட்காயின்காரர் பெரிய தொகையை ஈதராக மாற்றியது ஆன்-செயினில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பழைய வாலட்

மாறலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரும் ஈதரோடு நின்றுவிட்டார் பாருங்கள்.

கல்யாணி ஆடிட்

கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தேனிக்காரர் "பிட்காயினை மாற்றி" என்று எழுதியிருக்கிறார். இந்தியாவில் காயினுக்குக் காயின் மாற்றினாலும் விற்பனைதான். ரூபாய் கைக்கு வராவிட்டாலும் வரி உண்டு.

என் கிளையண்ட் ஒருவர் கணக்கு இது. 1 லட்சத்துக்கு வாங்கிய பிட்காயின் 1.4 லட்சமாக இருந்தபோது அப்படியே ஆல்ட்டுக்கு மாற்றினார். 40,000 லாபத்துக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 12,480 ரூபாய். மாற்றும்போது 1 சதவீத டிடிஎஸ் 1,400 போனது, அது வரியில் கழியும். பிறகு ஆல்ட் 50,000 விழுந்தது, விற்றார். அந்த நஷ்டத்தை இந்த லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. மொத்தத்தில் 10,000 நஷ்டப்பட்டவர் 12,480 வரி கட்டினார். சுழற்சி, கட்டம் என்று பேசுபவர்கள் இதையும் கணக்கில் போட்டால் நல்லது.

தேனிக்காரன்

அம்மா, இது எனக்குத் தெரியவே தெரியாது. மாற்றிய தேதிகளை எடுத்து வைக்கிறேன்.

அண்ணா, கடைசியாக ஒன்று. அந்த ஆல்ட்சீசன் இண்டெக்ஸ்? 75 வந்தால் என்ன செய்வது?

பழைய வாலட்

பிளாக்செயின்சென்டர் இண்டெக்ஸ் பார்ப்பது இவ்வளவுதான்: ஸ்டேபிள்காயின் நீங்கலாக முதல் 50 காயின்களில் எத்தனை கடந்த 90 நாளில் பிட்காயினைவிட நன்றாகச் செய்தன. 75 சதவீதம் செய்திருந்தால் சீசன். நடந்ததைத்தான் சொல்கிறது. 75 வரும்போது ஓட்டத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கலாம். இன்னொரு வேடிக்கை, பிட்காயின் 30 சதவீதம் விழுந்து ஆல்ட்கள் 20 சதவீதம் விழுந்தாலும் அது சீசன் என்றே காட்டும். ஏறிய காயின்கள்தான் முதல் 50-க்குள் நுழைகின்றன என்பதால் எண் கொஞ்சம் உப்பியும் இருக்கும்.

உங்கள் மாதிரிக் காயினுக்கு நான் பார்ப்பது அதன் விலையை BTC-யால் வகுத்த சார்ட். அதோடு அன்லாக் அட்டவணை, அதாவது பூட்டி வைத்த டோக்கன்கள் எப்போது புழக்கத்துக்கு வரும் என்ற பட்டியல். 2024 மார்ச் 16 அன்று ARB-யில் ஒரே நாளில் 111 கோடி டோக்கன் விடுவிக்கப்பட்டது, அதுவரை புழக்கத்தில் இருந்ததில் 87 சதவீதம். இப்படி நடக்கும்போது விலை சரிந்தும்கூடச் சந்தை மதிப்பு பெரிதாகத் தெரியலாம். ஆல்ட்களின் மொத்த மதிப்பு கூடுகிறது, டாமினன்ஸ் இறங்குகிறது, உங்கள் கையில் உள்ள ஒரு டோக்கனின் விலை மட்டும் ஏறாது. உங்கள் காயின்களில் எதற்கு அன்லாக் நெருங்குகிறது என்று பார்த்தீர்களா?

தேனிக்காரன்

இப்போதுதான் பார்த்தேன். ஒன்றுக்கு அடுத்த மாதம், இன்னொன்றுக்கு ஒவ்வொரு மாதமும் சொட்டுச் சொட்டாக. மற்றவற்றுக்கு அட்டவணையே கிடைக்கவில்லை. அவற்றுக்கு எங்கே தேடுவது?